பார்க்கிங்கில் ஸ்டியரிங் முனகுகிறதா? பம்ப்பைக் கழற்றும் முன் கேளுங்கள்

கலைவாணி, ஈசூன்: 2008 ஹோண்டா அக்கார்ட், சிஓஇ புதுப்பித்த வண்டி. காலையில் மல்டி ஸ்டோரியில் இருந்து வளைந்து இறங்கும்போது "ஊஊ" என்று முனகுகிறது, ஸ்டியரிங்கும் கனமாக இருக்கிறது. சாலைக்கு வந்துவிட்டால் சரியாகிவிடும். கீழே ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. வொர்க்‌ஷாப்பில் பம்ப் போய்விட்டது என்று 600 வெள்ளி கேட்கிறார்கள். மாற்றட்டுமா அண்ணே?

இப்போதே மாற்ற வேண்டாம் தங்கச்சி. கீழே சொட்டு இல்லை என்று நீங்கள் சொன்னதுதான் இதில் முக்கியமான தகவல்.

ஸ்டியரிங் பம்ப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், அங்கே ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே பீய்ச்சும். இன்னொரு பக்கம் டப்பாவில் இருந்து ஆயிலை உறிஞ்சும் பக்கம். அங்கே சின்னதாகக் கசிந்தால் ஆயில் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். அந்தக் காற்று ஆயிலோடு கலந்து பம்ப்புக்குள் நசுங்கும் சத்தத்தைத்தான் நீங்கள் காலையில் கேட்கிறீர்கள். காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் பம்ப் கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது, காற்றும் அதிகமாக வருகிறது. சூடானதும் இளகி விடுகிறது. மெதுவாகப் போகும்போதுதான் ஸ்டியரிங்குக்கு அதிக உதவி தேவை, அதே நேரத்தில்தான் எஞ்சினும் மெதுவாகச் சுற்றி, பம்ப் குறைவாகத் தள்ளுகிறது. அதனால்தான் சாலையில் தெரியாதது கார் பார்க்கில் தெரிகிறது.

நாளைக் காலை எஞ்சின் போடும் முன், சமதரையில், டப்பாவில் ஆயில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சில தடவை திருப்பிவிட்டு, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ஆயில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். காற்று கலந்திருந்தால் தே தாரிக் மேலே நிற்கிற நுரைபோல வெளுத்துக் கிடக்கும். கடைசியாக எஞ்சினை அணைத்த கையோடு ஆயில் மட்டத்தைக் கவனியுங்கள். உள்ளே நசுங்கிக் கிடந்த காற்று விரிந்து ஆயிலை மேலே தள்ளும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

செந்தில், உட்லண்ட்ஸ்: எதற்கு இவ்வளவு? ஸ்டியரிங் ஆயில், கியர் ஆயில் எல்லாமே சிவப்புதான். ஏடிஎஃப் என்கிற ஆட்டோ கியர் ஆயில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினால் முனகல் போய்விடும். என் டொயோட்டாவுக்கு அப்படித்தான் செய்தேன்.

உங்கள் டொயோட்டாவுக்குச் சரிதான். அந்தக் காலத்து டொயோட்டா மூடியிலேயே டெக்ஸ்ரான் ஏடிஎஃப் என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் ஹோண்டாவுக்கு ஹோண்டாவின் சொந்த ஸ்டியரிங் ஆயில்தான், ஏடிஎஃப் ஊற்றினால் சீல் ரப்பர் காலப்போக்கில் கெடும். ஜெர்மன் வண்டிகள் பலவற்றுக்குப் பச்சை நிறத்தில் வேறு ஆயில், அதில் சிவப்பைக் கலக்கவே கூடாது. நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், மூடியைப் படியுங்கள். இன்னொன்று: மூடிய சிஸ்டத்தில் ஆயில் தானாகக் குறையாது. ஒரு பாட்டில் ஊற்றிச் சத்தம் நின்றது என்றால் அந்த ஒரு பாட்டில் எங்கேயோ போயிருக்கிறது. உங்கள் வண்டியில் முன் சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டியரிங் ராக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் களக் களக்கென்று ஆடினால் ராக் சீல் கசிகிறது.

கலைவாணி: பார்த்துவிட்டேன் அண்ணே. மட்டம் சரியாக இருக்கிறது. ஆனால் முழுக்க நுரை, அணைத்ததும் நன்றாகவே மேலே ஏறியது. நிறமும் கறுப்பாக இருக்கிறது.

அப்படியானால் காற்றுதான். உங்கள் வண்டியில் நான் முதலில் கை வைக்கும் இடம் ஒன்று உண்டு. டப்பாவில் இருந்து தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று பம்ப்புக்கு வரும். அது பம்ப்பில் சேரும் இடத்தில் ஒரு இணைப்பு, இரண்டு 10 மில்லி போல்ட்டில் நிற்கும். அதற்குள் ஒரு ஓ-ரிங். ஹோண்டா வண்டிகளில் வயது ஏற ஏற இந்த ஓ-ரிங் இறுகிச் சப்பையாகிவிடும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. ரப்பர் வளையமாக இருக்க வேண்டியது பிளாஸ்டிக் வளையல்போல ஆகிவிடும். வெளியே கசியாது, காற்றை மட்டும் விடும். சில வெள்ளி சாமான். ஒரிஜினலே வாங்குங்கள், ஏதோ ஓ-ரிங் பெட்டியில் இருந்து ஒத்துவருவதை எடுத்துப் போட்டால் மறுபடி முனகும். மாட்டும்போது அதே ஸ்டியரிங் ஆயிலைத் தடவி மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மடிந்துகொள்ளும்.

அதே கையோடு டப்பாவையும் பாருங்கள். உள்ளே அடியில் வலை இருக்கிறது. ஆயில் கறுப்பு என்கிறீர்கள், வலை அடைத்திருந்தால் பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல் அதுவும் முனகும். அந்த வலையைத் தனியாகக் கழற்ற முடியாது, டப்பாவோடுதான் மாற்ற வேண்டும்.

பிறகு காற்றை வெளியேற்றுவது. இங்கேதான் பல பேர் அவசரப்படுகிறார்கள். புது ஆயில் ஊற்றியதும் எஞ்சினைப் போட்டுவிட்டால் பம்ப் எல்லாவற்றையும் அடித்து நுரையாக்கிவிடும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்தபடியே, ஸ்டியரிங்கை ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் எஞ்சினைப் போட்டு ஐடிலில் அதையே செய்ய வேண்டும். கோடியில் பிடித்தபடி நிற்கக் கூடாது, ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் பம்ப் சூடேறும். நுரை இருந்தால் அணைத்துவிட்டு அரைமணி நேரம் விட்டுவிடுங்கள், தானாக அடங்கும்.

முருகேசன், லாரி ஓட்டுநர், ஜூரோங்: அண்ணே என்னோடது ஊஊ இல்லை, கீச் கீச். மழை பெய்தால் ஸ்டியரிங் சட்டென்று கல்லாகிவிடும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். இதுவும் காற்றா?

இல்லை தம்பி, பெல்ட். முனகல் பம்ப்பில் இருந்து வரும், கீச்சல் பெல்ட்டில் இருந்து வரும். தண்ணீர் பட்டதும் வழுக்குகிறது, பம்ப் சுற்றுவது குறைகிறது, கை கனக்கிறது. நம் ஊர் மழைக்கு இது அடிக்கடி வரும் கேஸ்.

எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் மேல் பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கையும் சட்டையும் தள்ளி இருக்கட்டும். சத்தம் அதிகமானால் இழுவை போதவில்லை. கொஞ்ச நேரம் குறைந்து திரும்பி வந்தால் புல்லி நேராக இல்லை. உங்கள் லாரியில் தனி பெல்ட், போல்ட் வைத்து இழுக்கிற மாதிரி என்றால், அணைத்துவிட்டுப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். 10 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கினால் பொதுவாகச் சரி. அதற்காகக் கம்பி மாதிரி இறுக்கிவிடாதீர்கள், பம்ப் பேரிங் போய்விடும், அப்புறம் நிஜமாகவே முனகல் வரும். பெல்ட்டில் வெடிப்பு இல்லையே என்று ஏமாறவும் வேண்டாம், இப்போது வரும் ரப்பர் வெடிக்காமலேயே தேயும். வரிப்பள்ளம் பளபளவென்று மினுங்கினால் மாற்ற வேண்டியதுதான். மேலே ஸ்டியரிங் ஆயில் சொட்டி நனைந்திருந்தால் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் வீணாகும்.

பாத்திமா, தெம்பனிஸ்: என் கார் 2019. பானெட்டைத் திறந்து தேடித் தேடிப் பார்த்தேன், ஆயில் டப்பாவே இல்லையே சார்! திருடிவிட்டார்களா?

யாரும் திருடவில்லை. உங்களுடையது மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டியரிங், ஆயிலும் கிடையாது, எஞ்சினில் பம்ப்பைச் சுற்றுகிற பெல்ட்டும் கிடையாது. கனமாக இருந்தால் முன் டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் பேட்டரி. மீட்டரில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டியரிங் ஆயில் மாற்றியதாக யாராவது பில் போட்டால் கொடுக்காதீர்கள்.

தனசேகர், புவாங்கோக்: என்னுடையது வேறு. ஐந்து வருட சிஓஇ, அதில் இரண்டு வருடம்தான் மிச்சம். காலையில் லேசாக இருக்கும், ஜொகூர் போய் வந்து கஸ்டம்ஸ் வரிசையில் ஊரும்போது கனக்கும். ஆயில் தெளிவு, பெல்ட் புதிது, சத்தமும் பெரிதாக இல்லை. பம்ப், ராக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

உங்களுடையது கலைவாணிக்கு நேர் எதிர். சூடாகி ஆயில் இளகிய பிறகு கனக்கிறது என்றால் உள்ளே தேய்மானம், இளகிய ஆயில் இடுக்கு வழியாக நழுவுகிறது. ஆனால் அது பம்ப்பிலா ராக்கிலா என்பதை அளக்காமல் சொல்ல முடியாது. இரண்டையும் மாற்றச் சொல்கிறவர் அளக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் வண்டி சூடாக இருக்கும்போது ஐடிலில் திருப்பிப் பாருங்கள், பிறகு ஒருவர் எஞ்சினை 1500 சுற்றுக்கு ஏற்றிப் பிடிக்கத் திருப்புங்கள். உடனே லேசானால் பம்ப் மேல் சந்தேகம் கூடும். உறுதி செய்ய அழுத்த கேஜ் வேண்டும். பம்ப்புக்கும் ராக்குக்கும் நடுவே வால்வோடு கேஜை மாட்டி, வால்வைச் சில விநாடி மட்டும் மூடினால் பம்ப் தனியாக எவ்வளவு கொடுக்கிறது என்று தெரியும். அது புத்தகத்தில் உள்ள அளவுக்கு வந்து, வால்வைத் திறந்து ஸ்டியரிங்கைக் கோடியில் திருப்பும்போது வராவிட்டால் ராக்கில் கசிவு. வால்வை மூடியும் வராவிட்டால் பம்ப். கேஜ் இருக்கிற ஃபோர்மேனைத் தேடிப் பிடியுங்கள், ஸ்டியரிங் மட்டும் செய்கிற கடைகளில் இருக்கும்.

பம்ப் என்றால் ரீகண்டிஷன் போட்டு ஓட்டலாம். ராக் என்றால் இரண்டு வருடத்துக்குச் செலவு செய்வதா என்பது உங்கள் கணக்கு. என் வண்டியாக இருந்தால் கசிவும் ஆட்டமும் இல்லாத வரை கனத்தோடு ஓட்டுவேன். என் மனைவி ஓட்டுகிற வண்டி என்றால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கலைவாணி: ஓ-ரிங்கும் டப்பாவும் மாற்றியாயிற்று, ஆயிலும் புதிது. நுரை இல்லை, கனம் போய்விட்டது. ஆனால் முழுக்க ஒரு பக்கம் திருப்பி நிறுத்தும்போது மட்டும் லேசாக "உர்ர்" என்கிறது.

கோடியில் மட்டும் வந்து கொஞ்சம் விட்டதும் நின்றால் அது அழுத்தம் கூடும்போது ரிலீஃப் வால்வு திறக்கிற சத்தம், எல்லா ஹைட்ராலிக் ஸ்டியரிங்கிலும் உண்டு. பாதித் திருப்பலிலும் கேட்டால் பம்ப் காற்றோடு ஓடி ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். இரண்டு வாரம் ஓட்டுங்கள், மட்டத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போடாமல் 600 வெள்ளி கேட்டவரிடம் காட்டுங்கள்.

செந்தில்: அண்ணே, ரப்பர் உறையை அமுக்கிப் பார்த்தேன். வலது பக்கம் ஆடுகிறது.

நினைத்தேன். பாட்டிலில் எவ்வளவு ஊற்றினீர்கள், எத்தனை நாளில் மறுபடி இறங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். வேகமாக இறங்கினால் ஓட்ட வேண்டாம், ஆயில் தீர்ந்தால் இரண்டு கையாலும் திருப்புவதே கஷ்டமாகிவிடும். சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகும் தேதி எப்போது?

செந்தில்: அடுத்த மாதம்.

அப்படியானால் அதற்குள் ராக்கைக் கழற்றி சீல் போட்டுவிடுங்கள்.