குழு ஊக்கத்தொகை: பங்கு பிரிப்பது எப்படி?

வார்ப்பாலையில் டைம் ஆபீஸ் கணக்கை நெடுங்காலம் பார்த்தவர் பதிலளிக்கிறார்.

எங்கள் குழுவில் மூன்று பேர். வார ஊக்கத்தொகை 2,080 ரூபாய். எப்படிப் பிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை, ஐயா.

வேலை செய்த மணியை மணிச் சம்பளத்தால் பெருக்குங்கள். மூத்த மோல்டருக்கு 48 மணி, 100 ரூபாய்: 4,800. இரண்டாமவர் ஒரு நாள் வரவில்லை. 40 மணி, 80 ரூபாய்: 3,200. ஹெல்பருக்கு 48 மணி, 50 ரூபாய்: 2,400. கூட்டினால் 10,400. அதில் 2,080 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அவரவர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு: 960, 640, 480. மூவரும் தம் தொகையைத் தம் வாரச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே எண் வராவிட்டால், மணிக் கணக்கிலோ சம்பள விகிதத்திலோ யாரோ தவறு செய்திருக்கிறார்கள்.

மணல் சுமக்கும் ஹெல்பர் நான். மூத்தவர் பங்கில் எனக்குப் பாதிதானா? எல்லோருக்கும் மணிக் கணக்கில் சமமாகக் கொடுப்பதுதானே நியாயம்?

பாதி நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. திறமைக்கான கூலி மணிச் சம்பளத்திலேயே வந்துவிடுகிறது. ஊக்கத்தொகையிலும் அதையே மறுபடி எண்ணுகிறோம். ஆனால் முழுக்க மணியை வைத்துப் பிரித்தால், அச்சு கெடாமல் பார்த்துக்கொள்ளும் மூத்தவர் முகம் சுளிப்பார். பாதித் தொகையை மணிப்படியும் பாதியைச் சம்பளப்படியும் பிரித்தால் உங்களுக்கு 607, அவருக்கு 847, இரண்டாமவருக்கு 626. நான் இதைத்தான் விரும்புவேன். மூத்தவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு கதை.

எனக்குத் தீபாவளி போனஸ் 8.33 சதவீதம் வந்துவிட்டது. பிறகு இது எதற்கு?

அது சட்டப்படியான குறைந்தபட்ச ஆண்டு போனஸ். இங்கே பேசுவது உற்பத்தி அளவைத் தாண்டியதற்குக் குழுவுக்குக் கிடைக்கும் தொகை. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள், தம்பி.

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். பங்கு போடும்போதும் இரட்டையாக எண்ணலாமா?

கூடாது. எட்டு மணியைப் பதினாறாக எழுதினால், கூடுதல் தொகை முதலாளியிடமிருந்து வராது. கூட வேலை செய்தவர்களின் பங்கிலிருந்துதான் வரும். ஓவர்டைமுக்கு ஆள் பொறுக்கும் மேற்பார்வையாளரின் தயவு தேடுவதும் அங்கே தொடங்கும். செய்த மணி, சாதாரணச் சம்பளம், அதோடு நிறுத்துங்கள்.

மாத நடுவில் எனக்குச் சம்பளம் உயர்ந்தது. சக தொழிலாளி பேசுவதில்லை!

அவர் கோபத்தில் காரணம் இருக்கிறது. மொத்தத் தொகை உற்பத்தியைப் பொறுத்தது; உங்கள் உயர்வால் அது ஒரு ரூபாயும் கூடவில்லை. உங்கள் பங்கு மட்டும் கூடியது, அதாவது அவருடையது குறைந்தது. நாங்கள் பங்குக்கான விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றினோம். சண்டை குறைந்தது, ஒழியவில்லை.