கசப்பு மது மருந்தாகுமா?

கேள்வி: மிலனில் வேலை பார்க்கும் என் அண்ணன் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ‘அமரோ’ என்று ஒரு கசப்பு மதுவைச் சிறு கிளாஸில் குடிக்கிறார். மூலிகைதானே, செரிமானத்துக்கு மருந்து என்கிறார். நிஜமா? இதை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: ருசிக்காகக் குடிக்கிறேன் என்று உங்கள் அண்ணன் சொன்னால் சரி. மருந்து என்று சொன்னால் ஏற்க மாட்டேன். 2010-இல் சூரிக்கில் 20 பேருக்கு, உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபாண்டூவைக் கொடுத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு ஒயினோ தேநீரோ, முடிந்ததும் காய்ச்சி வடித்த மதுவோ தண்ணீரோ கொடுத்தார்கள். மது குடித்தபோதுதான் இரைப்பை காலியாக அதிக நேரம் பிடித்தது. கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும், பசி தூண்டப்படும். அதனால் கசப்புக்கு வேலை இருப்பது சாப்பாட்டுக்கு முன்னால்தான். அதே இத்தாலியர்கள் மாலையில் காம்பாரி போன்ற கசப்பு மதுவைச் சாப்பாட்டுக்கு முன் குடிப்பதும் அதற்காகத்தான். சாப்பிட்ட பின் வயிறு லேசானதாகத் தோன்றுவது பெரும்பாலும் போதை தரும் தளர்ச்சி. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு மதுவால் அந்த எரிச்சல் இன்னும் கூடும்.

ஆனால் மருந்துக்கடையிலிருந்து வந்த சரக்கு என்பது உண்மை. ஆல்ப்ஸ் மலையில் போர்மியோ என்ற ஊரில் பிரான்செஸ்கோ பெலோனி என்ற மருந்தாளுநர் 1875-இல் ‘பிராலியோ’ என்ற அமரோவை உருவாக்கினார். கடுங்கசப்பான ஜென்ஷியன் செடியின் வேர், ஜூனிப்பர் காய், நம் மாசிபத்திரிக்கு உறவான வார்ம்வுட், மலையில் வளரும் அகில்லியா ஆகிய நான்கை மட்டும்தான் வெளியே சொல்கிறார்கள். மற்றவை ரகசியம். ஊறவைத்த சாறு ஓக் பீப்பாய்களில் நாள்பட இருந்து பக்குவமாகிறது. அதில் மது 21 சதவீதம். மிலனின் ஃபெர்னெட் பிராங்காவில் 39 சதவீதம். ‘அமரோ’ என்ற ஒரே பெயரில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், அண்ணன் எந்தப் புட்டியைத் திறக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

செய்முறையில் காய்ச்சி வடிப்பது கட்டாயமில்லை, ஊறவைத்தாலே போதும். இத்தாலியக் கடைகளில் சமையலுக்கென்றே 95 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். அரை லிட்டர் எடுத்து, கால் லிட்டர் தண்ணீர் கலந்தால் 60 சதவீதத்தை ஒட்டி வரும். ஆரஞ்சுத் தோலின் வாசனை எண்ணெய்க்கு ஆல்கஹால் வேண்டும், வேரின் கசப்புக்குத் தண்ணீரும் வேண்டும். அதனால்தான் இந்தக் கலவை. இதில் உலர்ந்த ஜென்ஷியன் வேர் 5 கிராம், கொஞ்சம் ஏலக்காய், பட்டை போட்டு இரண்டு மூன்று வாரம் இருட்டில் வையுங்கள். ஆரஞ்சுத் தோலைக் கடைசி நாலைந்து நாளில் போட்டால் போதும், உள்பக்க வெள்ளையைச் சீவிவிட வேண்டும். வடிகட்டி, 300 கிராம் சர்க்கரையை 700 மில்லி தண்ணீரில் கரைத்து ஆறவிட்ட பாகைச் சேர்த்தால் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வரும். அப்புறம் இரண்டு மாதமாவது சும்மா விடுங்கள்.

பாகு சேர்த்ததும் கலங்கினால் பயம் வேண்டாம், ஆல்கஹால் குறைந்ததால் தோலின் எண்ணெய் பிரிகிறது, அவ்வளவுதான். கசப்பு எல்லை மீறினால்தான் சிக்கல். சர்க்கரையைக் கொட்டினாலும் அது மறையாது. வேரைத் தனியாக ஊறவைத்து, ருசி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி.

மூலிகைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே ஆல்ப்ஸில் வெராட்ரம் என்ற விஷச்செடி, பூக்காத பருவத்தில் ஜென்ஷியன் போலவே இருக்கும். ஜென்ஷியனில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும், வெராட்ரத்தில் மாறி மாறி வரும். இதைக் கவனிக்காமல் தோண்டிய வேரில் மது செய்து குடித்தவர்கள் வாந்தியும் தாழ்ந்த இதயத்துடிப்புமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வேரைக் கடையில்தான் வாங்க வேண்டும். நீங்கள் கோவையில் இருப்பதால் இதையும் கேளுங்கள்: காயம் துடைக்கும் ஸ்பிரிட்டையோ தொழிற்சாலை ஆல்கஹாலையோ இதற்குத் தொடவே கூடாது. மெத்தனால் கலந்திருந்தால் கண்ணும் உயிரும் போகும்.

சரி, எப்போது குடிப்பது? இத்தாலியர் இனிப்பும் காப்பியும் முடிந்த பிறகுதான் அமரோவை எடுப்பார்கள். 30 அல்லது 40 மில்லி, அறை வெப்பத்தில், உறிஞ்சி உறிஞ்சிக் கால் மணி நேரத்துக்கு. அப்போதுதான் முதலில் இனிப்பும் பிறகு மூலிகை வாசனையும் கடைசியில் கசப்புமாக வரிசையாகத் தெரியும். ஒரே மடக்காகக் கவிழ்த்தால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். வண்டி ஓட்டப் போகிறவரும், கர்ப்பிணியும், கல்லீரல் கோளாறு உள்ளவரும், தூக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவரும் அந்தக் காப்பியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.