இன்னொரு காது

அன்புள்ள ஐயா,

எங்கள் அக்கா மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். போன மாதம் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், மச்சான் வீட்டுக் குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் என்பதால் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். காலை நாலு மணிக்கு எழுப்பி வேனில் கூட்டிப்போனோம். அவன் சாப்பிடுகிற இட்லி வீட்டிலேயே தங்கிவிட்டது. மொட்டை போடும்வரை பரவாயில்லை. தலையில் சந்தனம் தடவியதிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "வேன் போலாமா, வேன் போலாமா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பலூன் கேட்டான், விசேஷம் முடியட்டும் என்றோம். திடீரென்று ஆரம்பித்துவிட்டான். ஒரு காதைக் குத்தியதுமே என் கையைக் கடித்துவிட்டு, கீழே விழுந்து தலையைத் தரையில் மோதினான். பலூனை வாங்கிக் கையில் கொடுத்தும் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம். அப்புறம் ஈரக் கால்சட்டையோடு தூங்கிப்போனான். "செல்லங் குடுத்துக் கெடுத்துட்டீக, நாலு சாத்து சாத்துனா அடங்கும்" என்கிறார் என் அம்மா. இது அடமா, மெல்ட்டவுனா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் குறையுமா? சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகலாமா? இன்னொரு காதை எப்போது குத்துவது?

ஒரு தாய்மாமன், திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசக் குழந்தைகளுக்குக் குறையும் என்பது ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. ஒவ்வாமை இருந்தால் டாக்டர் சொல்வார். இட்லியை மட்டும் நம்பி உயிர் வாழ்கிற பிள்ளையின் தட்டில் இதற்கு மேல் எதையும் குறைக்காதீர்கள். சித்திரைத் திருவிழா வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கட்டும். அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. "திடீரென்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலே நீங்களே எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள். நாலு மணிக்கு எழுப்பியது, வெறும் வயிறு, வேனின் குலுக்கல், தலையில் கத்தி, மழித்த மண்டையில் சில்லென்று சந்தனம். உறுமியும் குழாய் ஸ்பீக்கரும் இருந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை, நமக்குத்தான் அது சத்தமாகவே தெரியாதே. கண்மாய் உடைந்தால் கடைசியாகப் பெய்த தூறலை யாரும் திட்டுவதில்லை. அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான், என்னை இங்கிருந்து கொண்டுபோ என்று. ஒரே கேள்வியை ஓயாமல் கேட்பது, காதைப் பொத்துவது, நுனிக்காலில் வட்டமடிப்பது, முகம் சிவப்பது, பேச்சு குறைவது: இப்படிப் பிள்ளைக்குப் பிள்ளை ஒரு முன்னறிவிப்பு உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளையின் அறிவிப்பு "வேன் போலாமா". அந்த நிமிடம் அவனைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், உங்கள் கையில் பல் தடம் இருந்திருக்காது.

அடமா, மெல்ட்டவுனா என்று கேட்டீர்கள். பதில் அந்தப் பலூனில் இருக்கிறது. அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு பொருள் வேண்டும், அல்லது ஒரு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நிற்கும். நடுநடுவே கண்ணைத் திறந்து யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும். ஆள் போய்விட்டால் சுருதி இறங்கும், உருண்டாலும் அடிபடாத இடமாகப் பார்த்து உருளும். மெல்ட்டவுனில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. பலூன் கைக்கு வந்தும் நிற்கவில்லை, தலையைத் தரையில் மோதினான், யார் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை, முடிந்ததும் ஒண்ணுக்குப் போனதுகூடத் தெரியாமல் தூங்கினான். மூளை தாங்குகிற அளவைத் தாண்டி எல்லாம் உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான். பலூனுக்காக அழத் தொடங்கியது அடமாகவே இருந்திருக்கலாம். ஆட்டிசப் பிள்ளையும் அடம் பிடிப்பான், ஏன் பிடிக்கக் கூடாது? அடமாகத் தொடங்கி மெல்ட்டவுனில் போய் முடிவதும் உண்டு. அந்த நேரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாவிட்டால் மெல்ட்டவுன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடத்தை மெல்ட்டவுனாக நினைத்து அமைதியாக இருந்தால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை, கேட்ட பொருளைக் கொடுக்காமலே அமைதியாக இருக்கலாம். மெல்ட்டவுனை அடமாக நினைத்து நாலு சாத்து சாத்தினால், வலியும் பயமும் அதே கண்மாய்க்குள்தான் போய்ச் சேரும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவனிடம் எத்தனை பேர் பேசினார்கள்?

எண்ணியிருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். "என்ன சாமி வேணும்?" என்று அப்பத்தா. "இந்தா பாரு, பலூன் பாரு" என்று சித்தப்பா. "எங்க வலிக்குது, மாமாகிட்டச் சொல்லு" என்று நீங்கள். "வெத்தலையில திருநீறு வச்சு மந்திரிங்க" என்று ஒரு பெரியம்மா. "தண்ணி குடு, தண்ணி குடு" என்று பின்னாலிருந்து பத்துப் பேர். செல்போனில் படம் எடுத்த ஒரு கழிசடையும் இருந்திருப்பான். அத்தனை பேரும் பாசத்தில்தான் பேசினார்கள், போன் வைத்திருந்தவனைத் தவிர. நம்ம ஊரில் கேட்பதுதான் பாசம். "வந்தவ ஒரு வார்த்தை கேக்கலை" என்று இருபது வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்களிடம் போய் வாயை மூடு என்று சொல்கிறேன், எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆனாலும் சொல்கிறேன், வாயை மூடுங்கள். அப்படி வெடித்திருக்கிற நேரத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனும் அடைபடுகிறது. நன்றாகப் பேசுகிற ஆட்டிசப் பெரியவர்கள்கூட இதைச் சொல்லியிருக்கிறார்கள்: குரல் கேட்கும், சொல் விளங்காது. நீங்கள் கேட்கும் கேள்வி அவனுக்கு இன்னொரு உறுமிச் சத்தம். பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றால் அந்தச் சத்தத்தோடு ஒரு வேலையும் கூடச் சேர்ந்து வருகிறது. ஒருவர் மட்டும் இருங்கள், மற்றவர்கள் வெளியே. அந்த ஒருவரும், சொல்லியே ஆக வேண்டுமென்றால், எப்போதும் ஒரே சொல்லை, "மாமா இருக்கேன்" என்பது போல, தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். எதிரே நிற்காமல் பக்கவாட்டில், அவன் கை எட்டாத தூரத்தில் தரையில் உட்காருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என் அத்தை மகன் ஒருவன் இருந்தான், என்னைவிட நாலு வயது மூத்தவன். அப்போது ஆட்டிசம் என்ற சொல்லே எங்களில் யாருக்கும் தெரியாது. முனி அடித்துவிட்டது என்றார்கள். வேப்பிலையால் அடித்தார்கள், ஒரு தடவை தூணில் கட்டிப் போட்டார்கள். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினால் அவன் வெடிப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தட்டியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை. அவன் தலையைச் சுவரில் மோதுவதைக் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

வெடித்தால் அவன் ஓடுகிற இடம் மாட்டுத்தொழுவம். அங்கே இருட்டு, வைக்கோல் வாடை, மாடு அசை போடுகிற ஒரே சீரான சத்தம். சுவருக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவில் உடம்பை நெருக்கிக்கொண்டு கிடப்பான். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிசப் பெண்மணி, மாடுகளை ஊசி போட நிறுத்தும் நெருக்குக் கூண்டைப் பார்த்துவிட்டு, இளம்வயதில் தனக்கென்றே பலகையில் ஒரு அழுத்தப் பெட்டி செய்துகொண்டார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது, எனக்கு அந்தத் தவிட்டு மூட்டைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் தாத்தா மட்டும் பின்னாலேயே போவார். போய் வாசற்படியில் உட்கார்ந்து கற்றாழை நாரில் கயிறு திரிப்பார். அவனைப் பார்க்க மாட்டார், கூப்பிட மாட்டார். யாராவது உள்ளே வந்தால் கையை மட்டும் ஆட்டி விரட்டுவார். தொடையில் வைத்து உருட்டுவார், நார் சேர்ப்பார், உருட்டுவார். அரைமணியோ ஒருமணியோ கழித்து அவனே ஊர்ந்து வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். தாத்தா அப்போதும் ஏன்டா அப்படிச் செய்தாய் என்று கேட்க மாட்டார். கயிறு முறுக்கேறி அவன் கையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் தொழுவம் இருக்காது. ஒரு மூலை போதும். ஜன்னலுக்குத் திரை, தரையில் ஒரு மெத்தை, கனமான ஒரு போர்வை. அக்காவின் பழைய நூல் புடவையில் தாழ்வாக ஒரு தூளி கட்டினால் சில பிள்ளைகள் தாங்களாகவே போய்ச் சுருண்டுகொள்வார்கள். கொக்கி எடை தாங்குமா என்று பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிள்ளை உள்ளே இருக்கும்போது ஒரு கண் அதன்மேல் இருக்க வேண்டும். இதையெல்லாம் அவன் நன்றாக இருக்கும் நாளிலேயே பழக்குங்கள். வெடிக்கும்போது முதன்முதலாகப் போர்வையைச் சுற்றினால் அது அவனுக்குச் சிறை. இறுக்கிப் பிடிப்பதும் அப்படித்தான். சாலைக்கு ஓடுகிறான் என்றால் பிடிக்கத்தான் வேண்டும், ஆபத்து நீங்கியதும் விட்டுவிடுங்கள். குப்புறப் போட்டு அமுக்குவது கூடவே கூடாது, மூச்சு அடைக்கும். தலையை மோதினால் நடுவில் ஒரு தலையணையைத் தள்ளுங்கள். டிவியையும் டியூப்லைட்டையும் அணையுங்கள். எல்லாம் அடங்கியபின் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், அன்றைக்கு வேறு எதையும் அவனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அக்காவிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய ஒருமணி நேரத்தை எழுதட்டும்: தூக்கம், சாப்பாடு, வெளிக்குப் போனானா, என்ன சத்தம், யார் வந்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தடம் தெரியும். குக்கர் விசிலாக இருக்கும், மூன்று நாள் மலச்சிக்கலாகவும் இருக்கும். சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல்வலியும் காதுவலியும் இப்படித்தான் வெளியே வரும். காரணமே இல்லாமல் திடுமெனக் கூடினாலோ, நடுவில் கண் நிலைகுத்திக் கூப்பிட்டதற்கு அசைவில்லாமல் போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஆட்டிசப் பிள்ளைகளுக்கு வலிப்பு வருவது மற்றவர்களைவிட அதிகம்.

என் அத்தை மகனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தங்கை வீட்டில் இருக்கிறான். போன பொங்கலுக்குப் போனபோது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், உள்ளே யாரோ தட்டு எடுத்து வைத்தார்கள். எவர்சில்வர் தட்டு இல்லை, அவனுக்காக வாங்கிய பிளாஸ்டிக் தட்டு.

இன்னொரு காதைக் கேட்டீர்களே. அப்படியே இருக்கட்டும். குத்திய காதும் கடுக்கன் போடாமல் விட்டால் தூர்ந்துபோகும், போகட்டும். சாமிகுத்தம் என்று அம்மா சொல்வார்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், என்னைத் திட்டிக்கொள்ளட்டும். அவன் காதில் விழாத தூரத்தில் நின்று திட்டச் சொல்லுங்கள்.