பழைய வரி முறையா, புதிய வரி முறையா: மாதச் சம்பளக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

(எல்லாக் கணக்கும் 2025-26 நிதியாண்டுக்கு, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.)

சென்னை வாசகர்: ஆண்டுச் சம்பளம் 15 லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000, வாடகைப் படி 20,000. மாதம் 22,000 வாடகை கொடுக்கிறேன். 80சி-யில் ஒன்றரை லட்சமும் மருத்துவக் காப்பீட்டில் 25,000-மும் இருக்கின்றன. இவ்வளவு கழிவு இருந்தால் பழைய முறைதானே லாபம்?

உங்களுக்கு இல்லை. முதலில் புதிய முறையின் வரியைப் போட்டுவிடுங்கள். அதற்கு எந்த ரசீதும் வேண்டாம். 15 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, மீதி 2,25,000-க்கு 15. மொத்தம் 93,750, செஸ் சேர்த்து 97,500.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். பழைய முறையில் இதே 93,750 வரி எந்த வருமானத்துக்கு வரும்? 5 லட்சம் வரை 12,500, அதற்கு மேல் 10 லட்சம் வரை 20 சதவீதம் என்பதால், 9,06,250-க்கு வரும். ஆக, 15 லட்சத்திலிருந்து 5,93,750 கழிக்க முடிந்தால்தான் இரண்டும் சமம். பழைய முறையின் நிலையான கழிவு 50,000 போனாலும், நீங்கள் காட்ட வேண்டியது 5,43,750.

உங்களிடம் இருப்பது எவ்வளவு? வாடகை 2,64,000 முழுவதும் கழியாது. கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம், அதாவது 60,000 போக 2,04,000. கிடைத்த படி 2,40,000. சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, 3 லட்சம். மூன்றில் குறைந்ததே கழிவு: 2,04,000. அதோடு 1,50,000, 25,000 சேர்த்தால் 3,79,000. இன்னும் 1,64,750 குறைகிறது. பழைய முறையில் செஸ்ஸோடு 1,39,152 கட்டுவீர்கள். 41,000-க்கும் மேல் அதிகம்.

கோவை வாசகர்: எனக்கும் அதே சம்பளம், அதே படி, அதே வாடகை. கோவைக்கு 40 சதவீதம்தான் என்பதால் எனக்கு இன்னும் குறையுமா? 80சி ஒன்றரை லட்சம், பி.எஃப். 72,000 தனியாக இருக்கிறது.

40 சதவீதம் என்பது சரி. ஆனால் அது 2,40,000. குறைந்த தொகை அப்போதும் 2,04,000-தான், எதுவும் மாறாது. சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். தனி அல்ல, 80சி-யின் ஒன்றரை லட்சத்துக்குள்தான் வரும். சம்பளச் சீட்டில் அது வேறு இடத்தில் இருப்பதால் இரண்டு முறை கூட்டிவிடுகிறார்கள்; நான் பார்க்கும் கணக்குகளில் பழைய முறை லாபமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மதுரை வாசகர்: என் சம்பளம் 12,90,000. 12,75,000-ஐத் தாண்டியதால் 60,000-க்கு மேல் வரி என்கிறார்கள். பழைய முறைக்குப் போகலாமா?

போகாதீர்கள். கழிவு போக உங்கள் வருமானம் 12,15,000. வரியைக் கணக்கிட்டால் 62,250 வருவது உண்மைதான். ஆனால் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி முழுதும் தள்ளுபடி; அதைக் கொஞ்சம் தாண்டினாலும், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று சலுகை இருக்கிறது. நீங்கள் தாண்டியது 15,000. வரியும் அவ்வளவே, செஸ்ஸோடு 15,600. பழைய முறையில் இதை எட்ட, எல்லாக் கழிவும் சேர்த்து 7,77,500 வேண்டும். பங்கு விற்ற லாபம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அதற்கான தனி வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

திருச்சி வாசகர்: ஏப்ரலில் அலுவலகத்தில் புதிய முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வருடம் முழுக்க மாட்டிக்கொண்டேனா?

இல்லை. அந்தக் கடிதம் மாதாமாதம் வரி பிடிப்பதற்கு மட்டுமே. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம்; கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். கெடு தேதிக்குள் தாக்கல் செய்வது முக்கியம். தாமதித்தால் பழைய முறை கிடையாது. வாடகை ரசீதையும் காப்பீட்டு ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். அலுவலகத்தில் கொடுக்காதவை படிவம் 16-இல் இருக்காது.

மீண்டும் சென்னை வாசகர்: ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தாம்பரத்தில் சொந்த வீடு இருக்கிறது, பூட்டியே கிடக்கிறது. கடன் வட்டி வருடம் 2 லட்சத்துக்கு மேல். அலுவலகம் தூரம் என்பதால் அடையாற்றில் வாடகைக்கு இருக்கிறேன்.

இது முடிவையே மாற்றுகிறது. பழைய முறையில் வட்டிக்கு 2 லட்சம் கழிவு உண்டு; குடியிருக்கும் அல்லது பூட்டிய வீட்டுக்குப் புதிய முறையில் கிடையாது. வருமானம் 8,71,000 ஆகிறது, வரி செஸ்ஸோடு 90,168. இப்போது பழைய முறை 7,332 ரூபாய் மலிவு.

ஆனால் ஒரே நகருக்குள் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக் கழிவும் கேட்பதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை என்றாலும், அதிகாரி காரணம் கேட்கலாம். தூரத்தை அவர் ஏற்பாரா என்று என்னால் உறுதி தர முடியாது. வாடகை ஒப்பந்தமும் வங்கி வழிக் கட்டணமும் கையில் இருக்கின்றனவா? வாடகைக் கழிவு மறுக்கப்பட்டால் 2,04,000 வருமானத்தோடு மீண்டும் சேரும். அப்போது லாபம் 7,332 அல்ல, வட்டியோடு கூடிய பாக்கி.