இருக்கை அடிக்கிறதா, பாதை அடிக்கிறதா? சாரதிகளின் முதுகுவலி குறித்த கேள்வி பதில்

கேள்வி (கொழுந்து ஏற்றும் டிரக்டர் சாரதி, தலவாக்கலை): புது சஸ்பென்ஷன் சீட் போட்டும் ஒவ்வொரு குழியிலும் நடு முதுகில் இடி விழுகிறது ஐயா. சீட் போலியா?

பெரும்பாலும் போலியாக இருக்காது. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு டிரக்டரில், 60 கிலோ சாரதிக்குத் திருப்பி வைத்த, இருக்கையின் எடை சரிசெய்யும் குமிழை மாற்றாமலே 88 கிலோ சாரதி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏறி அமர்ந்ததுமே இருக்கை முக்கால்வாசி இறங்கிவிட, மீதி இடம் குழியில் முடிந்து, அடியிலுள்ள ரப்பர் தாங்கியில் இரும்பு மோதியது. அந்த ரப்பரைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கிப் பளபளத்தது. இப்படிப்பட்ட மோதல் முள்ளந்தண்டுக்குச் சாதாரணக் குலுக்கலைவிடக் கெடுதலானது.

முதுகைச் சாய்த்து அமர்ந்தபடியே, இருக்கை தன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிற்கும்வரை குமிழைத் திருப்புங்கள். ஆள் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். பிறகு இருக்கையை அழுத்தி விடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் அடங்காமல் ஊஞ்சலாடினால், அல்லது அதிர்வு தணிப்பானில் எண்ணெய் கசிந்திருந்தால், அதை மாற்றுங்கள்.

கேள்வி (லொறிச் சாரதி, மஸ்கெலியா): நான் இரண்டு தலையணை போட்டு ஓட்டுகிறேன், குலுக்கல் குறைந்துவிட்டது. இது போதும்தானே?

பாதி சரி. பஞ்சு, கூர்மையான சிறு நடுக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் விநாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 தடவை மேலும் கீழும் ஆடும் அசைவில்தான் உடம்பும் சேர்ந்து ஆடுகிறது. அதைத் தடிப்பான பஞ்சு குறைப்பதில்லை, சில வேளை கூட்டியும் விடுகிறது. உயர்ந்த இருப்பில் பெடலை எட்ட முன்னுக்கு நகர்வதால் முதுகுச் சாய்வும் கைவிட்டுப் போகும்.

கேள்வி (பெக்கோ ஓட்டுநர், ஹட்டன்): மண் வெட்டும்போது வலி இல்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடும்போதுதான் வருகிறது.

பெக்கோவுக்கு டயர்தான் பிரதான ஸ்பிரிங். காற்று அதிகமாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி துள்ளத் தொடங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிபார்த்து, துள்ளல் அடங்கும்வரை வேகத்தைக் குறையுங்கள். அதிர்வு பாதியானால், அதே தாக்கத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும்; ஆகவே மெதுவாக ஓட்டுவதில் போகும் நேரம் நட்டமல்ல.

கேள்வி (மரம் அறுப்பவர், பண்டாரவளை): எனக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன, இதுவும் சீட்டாலா?

இல்லை. அது அறுக்கும் இயந்திரத்தின் அதிர்வு கைவழியே ஏறுவதாலாக இருக்கலாம்; குளிரில் கூடுகிறதா என்று கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (24 வருட லொறிச் சாரதியின் மனைவி, நுவரெலியா): எக்ஸ்ரேயில் எலும்பு தேய்வு என்றார்கள். லொறிதான் காரணமா?

படத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது அக்கா. வாகனமே ஓட்டாதவருக்கும் அந்தத் தேய்வு இருக்கலாம். இறங்கியவுடனே அவர் மூட்டை தூக்குகிறாரா என்று கேளுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குவது நல்லது. ஆனால் தொடை இடுக்கும் பின்புறமும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.