நடமாடும் வண்டிக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து நடமாடும் நூலக வேன் தொடங்குகிறோம். கிராமத்து மக்கள் பார்த்ததும் தெரிந்துகொண்டு வரவேற்க வேண்டும். என்ன பெயர் வைக்கலாம்?

நன்கொடை கொடுப்பவர் ஒரு பெயரோடு வந்திருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஓட்டியது நூலகம் இல்லை, மருத்துவ வண்டி. ஓட்டியது என்றால் ஸ்டீயரிங் பிடித்து அல்ல. டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, மாத்திரைக் கணக்கு எழுதுவது. முதுகுளத்தூர் பக்கம், ஒரு தனியார் அறக்கட்டளைக்காக.

அந்த வண்டி ஒரு வெள்ளை வேன். நிறுவனர் தன் தாயார் பெயரைப் போட்டு அடுத்து 'நினைவு நடமாடும் மருத்துவமனை' என்று எழுதச் சொன்னார். பெற்ற தாய் பெயரை வைப்பதில் ஒரு தப்பும் இல்லை, அதற்காக யாரும் பின்னூட்டத்தில் என்னைத் திட்ட வராதீர்கள். ஆனால் முதல் நாள் ஊருக்குள் நுழைந்து கோயில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம், ஒரு மணி நேரம் ஈ காக்கை வரவில்லை. நாலைந்து பேர் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும் கிட்ட வந்து எழுத்துக்கூட்டிப் படித்தான், 'நினைவு' வரைக்கும் வந்ததும் திரும்பி ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆத்தா வந்து டிரைவரிடம் மெதுவாகக் கேட்டார்: "எந்த வீட்டுத் துட்டிக்குப்பா வந்திருக்கீக?"

வெள்ளை வேன், பக்கவாட்டில் செத்துப்போனவர் பெயர், அதோடு 'நினைவு'. அமரர் ஊர்தி என்றே நினைத்துவிட்டார்கள். துட்டி வண்டி பக்கத்தில் போய் யார் வரிசையில் நிற்பார்கள்?

அப்புறம் சுகர் டெஸ்ட் எடுக்க ஆரம்பித்ததும் ஜனங்களே 'சர்க்கரை வண்டி' என்று கூப்பிட்டார்கள். அப்பாடா, ஒரு பெயர் வந்தது என்று நாங்களும் மைக்கில் அதையே சொன்னோம். அடுத்த ஊரில் மூன்று பெண்கள் ரேஷன் கார்டும் பையுமாக வந்து நின்றார்கள். இதைவிட மோசம், பிரஷர் உள்ளவர்கள் 'எனக்குத்தான் சர்க்கரை இல்லையே' என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நோயின் பெயரை வண்டிக்கு வைத்தால் அந்த நோய் இல்லாதவன் வரமாட்டான், இருப்பவனும் நாலு பேர் பார்க்க ஏறக் கூச்சப்படுவான்.

கடைசியில் நிலைத்தது 'செவ்வாக்கிழமை வண்டி'. ஒரு பெரியவர் 'செவ்வாய் வெறுவாய்'னு அதற்கும் முகம் சுளித்தார், அது வேறு கதை. அந்தப் பெயரில் வண்டி எது, என்றைக்கு வரும் என்று இரண்டும் இருந்தது. அடுத்த ஊரில் அதே வண்டி புதன் வண்டி. அதனால் பெயருக்குக் கீழே கரும்பலகை பெயின்ட் அடித்து, அந்தந்த ஊருக்கான கிழமையைச் சாக்பீஸால் எழுதினோம்.

ஆனால் இதில் ஒரு வினை இருக்கிறது. நாங்கள் ஒரு ஊருக்குப் போனது மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்களில், மாத்திரை கொடுத்தது 14 நாளுக்கு. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தில் அடுத்த முறைக்கு 21 நாள் ஆகிவிடும், பிரஷர்காரர்கள் ஒரு வாரம் மாத்திரையில்லாமல் கிடந்தார்கள். பிறகு எப்போதும் 21 நாளுக்கே கொடுத்தோம். நீங்களும் புத்தகம் திருப்பும் தேதியை இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு செவ்வாய் சொல்லாமல் தவறினால் பெயரே பொய்யாகிவிடும். எங்களுக்கு டயர் பஞ்சராகி ஒரு முறை தவறியது, அடுத்த தடவை பாதிப் பேர்தான் வந்தார்கள்.

'108' என்று எண்ணையே பெயராக வைத்தது ஜெயிக்கவில்லையா என்பீர்கள். அது கூப்பிட்டால் வரும் வண்டி, எண் தெரிந்தால் போதும். உங்களுடையது கூப்பிடாமல் வரும் வண்டி.

'நடமாடும் நூலகம்' கௌரவமான பெயர்தான், இல்லை என்று சொல்லவில்லை. 1931-ல் எஸ்.ஆர். ரங்கநாதன் மன்னார்குடியில் தொடங்கிவைத்த மாட்டுவண்டி நூலகத்தையும் இன்று அப்படித்தான் எழுதுகிறோம். ரசீதில், பதிவில் அதையே போடுங்கள். ஆனால் வாசலில் நின்று கூப்பிடும்போது யாரும் 'நடமாடும்' என்று சொல்லமாட்டார்கள், 'புஸ்தக வண்டி வந்திருச்சு' என்பார்கள். நன்கொடையாளர் பெயர் வேண்டுமென்றால் பின்கதவில் போதும். எங்கள் வண்டியில் அதைத்தான் இரண்டடி உயரத்துக்கு எழுதினார்கள். எழுதிய பெயின்டருக்கு அன்றே கூலி, எனக்கு மூன்று மாதப் பயணப்படி இன்னும் வரவில்லை. கேட்டால் 'சேவைதானே தம்பி' என்கிறார்கள். போகட்டும்.

மூன்று சுற்று பெயர் எழுதாத வண்டியாகப் போய்வாருங்கள். பிள்ளைகள் என்ன சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்களோ, அதைக் கேட்டுவிட்டுப் பெயின்டரைக் கூப்பிடுங்கள்.