இருபது வருஷம் பேசாத குரூப்பும் திரும்பி வந்த கதையும்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் 20 வருஷமாகச் சத்தமில்லாமல் கிடக்கும் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பை ஒரே மெசேஜில் உயிர்ப்பிப்பதாக ஒரு சிறுகதை எழுதினேன். 2025-ல் ஒரு ராத்திரி சரவணன் 'நண்பர்களே, நலமா?' என்று அனுப்புகிறான். 34 பேரும் பதில் போடுகிறார்கள். கடைசியில் கல்லூரி வேப்பமரத்தடியில் கூடி அழுகிறார்கள். வீட்டில் படித்தவர்கள் கண்கலங்கினார்கள். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. எங்கே இடிக்கிறது?
— ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: முதலில் இடிப்பது வருஷக் கணக்கு. வாட்ஸ்அப் வந்ததே 2009-ல்தான். அதில் குரூப் வசதி வந்தது 2011-ல். 2025-ல் நடக்கும் கதையில் 20 வருஷம் தூங்கிய வாட்ஸ்அப் குரூப் இருக்க வழியே இல்லை. ஆசிரியர் இரண்டாவது பத்தியிலேயே பேனாவைக் கீழே வைத்திருப்பார். 'உணர்ச்சிதானே முக்கியம், இதெல்லாம் சில்லறை விஷயம்' என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கைச் சரி செய்யப் போனால் உங்களுக்கு வேறொரு கதை கிடைக்கும். இப்போது இருப்பதைவிட அது நல்ல கதை.

2004-ல் படிப்பு முடித்தவர்கள் எங்கே பேசிக்கொண்டார்கள்? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யாஹூ குரூப்ஸில் பேசினார்கள். அதை 2020 டிசம்பரில் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷமே பழைய மடல்களை அழிக்க ஆரம்பித்தாயிற்று. இன்னொரு இடம் ஆர்குட். 2004 ஜனவரியில் பிறந்து 2014 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் சரவணன் இன்று எதையும் அனுப்ப முடியாது. மிஞ்சுவது ஒன்றுதான்: எல்லார் முகவரியையும் வரிசையாகப் போட்டு அனுப்பிய, ஒவ்வொருவரும் 'Reply All' அழுத்திப் பதில் சொன்ன, சாதாரண ஈமெயில். அந்தக் கால குரூப் என்றால் பலருக்கு அதுதான். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரவணனிடம் மட்டும் அந்த மடல் எப்படி மிஞ்சியது? ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்தது. ஆரம்பத்தில் யாராவது அழைப்பு அனுப்பினால்தான் கணக்கு திறக்கலாம். சரவணன் யாரிடமோ கெஞ்சி ஒரு அழைப்பு வாங்கியவன். அந்தக் கணக்கை இன்றுவரை பயன்படுத்துகிறவன். மற்றவர்கள் யாஹூ, ரெடிஃப், ஹாட்மெயில். முகவரியிலேயே தல, கூல், ராக்கர் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். (நாற்பதைத் தாண்டிய வங்கி மேலாளர் அந்த முகவரியை மறுபடி பார்க்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு வரி தாராளமாகச் செலவழிக்கலாம்.)

இனி, கதையில் நீங்கள் கேட்காமலே விட்ட கேள்வி: குரூப் ஏன் பேச்சை நிறுத்தியது? 'காலத்தின் ஓட்டத்தில்' என்று எழுதித் தாண்டிவிட்டீர்கள். சண்டை போட்டுப் பிரியும் குரூப்புகள் கொஞ்சம்தான். யாரோ ஒருவர் ஏதோ கேட்பார்; 34 பேரும் 'வேறு யாராவது சொல்வார்கள்' என்று விட்டுவிடுவார்கள். ஒரு வாரம் போகும். அதற்கு மேல் பதில் போடவே வெட்கமாக இருக்கும். அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் அதே இடத்தில் வேறு அரட்டை அடிக்கவும் முடியாது. இப்படித்தான் மூடிப்போகும்.

ஆகவே கடைசி மடலை முடிவு செய்யுங்கள். என்னிடம் விட்டால் இப்படி வைப்பேன். 2005 ஆகஸ்ட். கவிதா அனுப்புகிறாள்: 'செப்டம்பர் 11 கல்யாணம், அறந்தாங்கியில். பத்திரிகையை ஸ்கேன் பண்ணி இணைச்சிருக்கேன். யார் யார் வர்றீங்கன்னு சொல்லுங்க, திருச்சியிலிருந்து வேன் சொல்லணும்.' ஒருவரும் பதில் போடவில்லை. கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவு கேட்கப் பயம். மீதிப் பேருக்கு வேலையே கிடைக்கவில்லை. வேலை கிடைத்தவர்கள் முன்னால் போய் நிற்கக் கூச்சம். இது மூன்று வரி போதும். விளக்கிக்கொண்டே போகாதீர்கள்.

இப்போது மெசேஜ். 'நண்பர்களே, நலமா?' என்பதற்கு யாரும் ஓடி வந்து பதில் சொல்ல மாட்டார்கள். அதில் பதில் சொல்ல எதுவுமில்லை. 2025-ல் சரவணன் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். கவிதாவின் அந்த மடலைத் திறந்து 'Reply All' அழுத்துகிறான்: 'கவிதா, நான் வரல. வேனுக்கு என்னைச் சேர்க்காதே. சொல்ல லேட்டாயிடுச்சு.' அவ்வளவுதான். படிப்பவன் சிரித்துவிட்டு அடுத்த நொடி சங்கடப்படுவான். மன்னிப்பு என்று ஒரு சொல் உள்ளே வந்தாலும் இது கெட்டுப்போகும்.

அடுத்து நடப்பதை நீங்கள் கற்பனை செய்யவே வேண்டாம். மெயில் அமைப்பே எழுதிக் கொடுத்துவிடும். முதல் பதில்கள் மனிதர்களிடமிருந்து வராது. 'Mail Delivery Subsystem' என்ற பெயரில், 'Address not found' என்று, சில நிமிஷங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் வேலையில் கொடுத்த ஆபீஸ் முகவரிகள் எல்லாம் போயிருக்கும். ஒருவன் சத்யம் கம்பெனியில் சேர்ந்திருந்தான் என்று வையுங்கள். 2009 ஊழலுக்குப் பிறகு கைமாறி, 2013-ல் டெக் மஹிந்திராவோடு இணைந்து, அந்தப் பெயரே இன்று இல்லை. பல மாதம் தொடாத கணக்கை யாஹூ முடக்கிவிடும். இரண்டு வருஷம் தொடாத கணக்குகளைக் கூகுளும் 2023 கடைசியிலிருந்து அழித்து வருகிறது. சில மடல்கள் திரும்பியும் வராது, பதிலும் வராது. அவை எங்கே போய் விழுந்தன என்று சரவணனுக்குத் தெரியாது.

திரும்பி வந்தவற்றில் ஒன்று கவிதாவுடையது.

கதையின் அச்சாணி இதுதான். யாருக்காக எழுதினானோ அவளுக்குப் போகவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: திரும்பி வந்த தகவல் அனுப்பியவனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கவிதா படித்திருப்பாள் என்றே நினைப்பார்கள். அந்த ஒரு ராத்திரி சரவணனுக்கு மட்டும் சொந்தம். அவன் மறுநாள் காலையில் 'கவிதாவுக்குப் போகல, யார்கிட்டயாவது நம்பர் இருக்கா?' என்று போடும்போதுதான் குரூப் உண்மையில் எழுகிறது. பாசத்தில் அல்ல, ஆள் தேட வேண்டிய வேலை வந்ததால்.

2005-ல் வைத்திருந்த செல் நம்பர் யாரிடமாவது இருக்கும். அது பெரும்பாலும் உதவாது. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்ததே 2011 ஜனவரியில்; அதற்கு முன் சலுகை தேடிக் கம்பெனி மாறிய ஒவ்வொரு தடவையும் நம்பர் போய்விடும். அப்புறம் யாரோ ஒருவர் கேட்பார்: 'பத்திரிகை இணைச்சிருந்தாளே, அதைத் திறந்து பார்த்தீங்களா?'

அன்றைக்கு யாருமே திறக்காத இணைப்பு. இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், கதையிலேயே வளமான இடம் இது. கொஞ்சம் கோணலாக ஸ்கேன் ஆன, மஞ்சள் தடவிய மூலை கறுப்பாகப் பதிந்த பத்திரிகை. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அளவுக்குத் துப்பு தரும் தாள் கிடையாது. தாத்தா பெயர், அப்பா பெயர், கடையின் பெயர், எந்தத் தெரு, மாப்பிள்ளையின் டிகிரி, 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் தாய்மாமன் எந்த ஊர், கீழே எஸ்.டி.டி. கோடு போட்ட லேண்ட்லைன். லேண்ட்லைன் செத்திருக்கும். ஆனால் ஹார்டுவேர் கடை அங்கேயே இருக்கும். புதுக்கோட்டையில் இருக்கும் பாஸ்கர் ஒரு சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கேட்கிறான். கவிதாவின் அப்பா உள்ளே கல்லாவில் இருக்கிறார்.

34 பேர் வேண்டாம். ஒரு சிறுகதையில் வாசகனால் நான்கைந்து பேரைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். சரவணன், கவிதா, பாஸ்கர், பத்திரிகையைத் திறக்கச் சொன்ன ஒருத்தி, அப்பா. மற்றவர்கள் எண்ணிக்கையாக இருக்கட்டும். ஒருவர் இறந்துபோன செய்தியைக் கொண்டுவரலாமா என்று ஆசை வரும். வேண்டாம். பழைய நண்பர்கள் கதை என்றால் பாதியில் அது வந்து நிற்கும், ஆசிரியர் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்.

மொழி விஷயத்தில் ஒன்று. 2005-ல் இவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்திருப்பார்கள். அதை அப்படியே அச்சிட்டால் படிக்க எரிச்சலாக இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் அப்படி அடித்ததாகச் சொல்லிவிட்டு, மடல்களைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். கூப்பிடும் விதத்தையும் கவனியுங்கள். இருபது வருஷம் கழித்து முதலில் பேசும் பாஸ்கர் 'எப்படி இருக்கீங்க சரவணன்?' என்றுதான் ஆரம்பிப்பான். 'டேய்' எந்த வரியில் வருகிறது என்பதை நீங்கள் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

முடிவு வேப்பமரத்தடியில் இல்லை. கூடி அழுவதை எடுத்துவிடுங்கள். கவிதாவின் பதிலோடு நிறுத்தலாம். அவள் மன்னிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. புது முகவரியிலிருந்து இப்படி ஒன்று வரட்டும்: 'நீங்க யாரும் சொல்லலைன்னாலும் அப்பா வேன் சொல்லிட்டாரு. அட்வான்ஸ் 500. காலேஜ் வாசல்ல பத்து மணி வரைக்கும் நின்னுட்டு, டிரைவர் மட்டும் வந்து சாப்பிட்டுட்டுப் போனாரு.' இதற்குச் சரவணன் என்ன பதில் போட்டான் என்று எழுத வேண்டாம்.

உங்கள் பிரதியில் முதல் ஒன்றரைப் பக்கம் விடுதி நாட்கள். மெஸ் சாம்பார், கட் அடித்துப் படம் பார்த்தது, வார்டன். அதையும் வெட்டுங்கள். கதை சரவணன் அந்த மடலைத் திறக்கும் இடத்தில் ஆரம்பிக்கட்டும். தலைப்பு 'நட்பின் சங்கமம்' என்று வைத்திருக்கிறீர்கள். மடலின் தலைப்பு வரியையே வைத்துவிட்டு, வேறொரு பத்திரிகைக்கு அனுப்பிப் பாருங்கள்.